அந்த ஒன்றை மட்டும் ஆஃப் பண்ணுங்க

போனில் விளையாடிவிட்டு மூடி வைத்தவர்களைத் திரும்பக் கூப்பிடுவதுதான் எனக்கு வேலை. பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. அது விட்டிருந்தது ஒரு டிபன் கடை விளையாட்டு. ஒரே மாதிரிக் காய்கறி மூன்றைச் சேர்த்தால் தட்டு நிரம்பும், வாடிக்கையாளர் சாப்பிட்டுப் போவார். அஞ்சு அடுப்பு. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் ஒன்று அணையும். அரை மணிக்கு ஒன்றாக அது தானாகப் பற்றிக்கொள்ளும். அதற்குள் ஆள் போனை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரைத் திரும்ப வரவழைக்கப் போனின் தலையில் வந்து விழும் அந்த ஒரு வரியை, அதாவது நோட்டிபிகேஷனை, தமிழில் எழுதுவதும் எப்போது, எத்தனை, யாருக்கு என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி ஆபீஸ் போவேன், மற்ற நாள் கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டை வீட்டிலிருந்தே வேலை.

எழுதுவது சுலபம். எழுதாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒன்று அனுப்பினால் நாலு பேர் வருகிறார்கள், அப்படியானால் பத்து அனுப்பினால் நாற்பது பேர் வருவார்கள் என்று வாய்ப்பாடு சொல்கிறவர் எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். எங்கள் ஆபீஸில் அவர்தான் பிராடக்ட் ஹெட். பத்து அனுப்பினால் நாற்பது பேரும் ஆஃப் செய்துவிடுவார்கள். ஆஃப் செய்தவரிடம் அதற்குப் பிறகு எதையும் சொல்ல முடியாது, தப்பு எங்களுடையது என்றுகூடச் சொல்ல முடியாது. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. புரிந்துகொண்டார் என்று நான் நம்பினேன் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வருஷத்தில் நான் செய்ததை இப்போதும் நல்ல வேலை என்றுதான் சொல்வேன். விளையாட்டைத் திறந்த உடனே 'அனுமதி கொடு' என்று கேட்பதை நிறுத்தினோம். புது ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மூன்றாவது தடவை கேட்கவே முடியாது. அதனால் அஞ்சு அடுப்பும் முதல் தடவையாக அணைந்து, ஆள் அடுத்து என்ன என்று பார்க்கும் நேரத்தில், "அடுப்பு பத்தினதும் சொல்லட்டுமா?" என்று கேட்டோம். அப்போது சொல்லும் சரி, மனதார வரும் சரி. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. அதையும் அவரவர் வழக்கமாக விளையாடும் நேரத்தில்தான் அனுப்பினோம். மூன்று அனுப்பியும் ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்று. அதற்கும் வரவில்லையா, அவரை விட்டுவிட வேண்டியதுதான். செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அடுப்பு பற்றியிருந்தால்தான் பற்றியது என்று எழுதுவேன். "உங்கள் வாடிக்கையாளர் அழுகிறார்" என்று ஹெட் எழுதச் சொன்னார். எழுத மாட்டேன் என்றேன். சிலரை எதுவுமே அனுப்பாமல் ஒதுக்கி வைத்து, அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். தானாகவே வரக்கூடியவரை நாங்கள் வரவழைத்ததாகப் பீற்றிக்கொள்ளக் கூடாது இல்லையா.

ரயிலும் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது. வழியில் டேக்கல் ஸ்டேஷன் பக்கம் போனில் சிக்னல் விட்டு விட்டு வரும். ஒரு நாள் எதிர் சீட்டுப் பெண்ணுக்கு சிக்னல் வந்ததும் எங்கள் செய்தி ஒன்றன்பின் ஒன்றாக ஆறு விழுந்தது. முந்தின நாட்களில் போன் ஆஃப்லைனில் இருந்தபோது சேர்ந்தவை. அந்தப் பெண் "ச்சீ" என்று சொல்லி அங்கேயே மொத்தமாக ஆஃப் செய்ததை நேருக்கு நேர் பார்த்தேன். மறுநாளே எங்கள் டெவலப்பரிடம் சொல்லி, ஒவ்வொரு செய்திக்கும் ஆயுள் வைத்தோம், புதுசு வந்தால் பழசு மறைகிற மாதிரியும் செய்தோம். டெவலப்பர் ஹாசன்காரி, என் வயசு, அதிகம் பேச மாட்டாள், சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பாள்.

மூன்று சேனல் பிரித்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான். சேனல் என்றால், ஒரே ஆப்பின் நோட்டிபிகேஷன்களை வகை பிரித்து வைப்பது. அடுப்புக்கு ஒன்று, கூட விளையாடும் கூட்டாளிகள் காய்கறி கேட்பதற்கு ஒன்று, சலுகைக்கு ஒன்று. சலுகை எரிச்சலாக இருந்தால் அதை மட்டும் ஆஃப் செய்துகொள்ளலாம், மற்றவை வந்துகொண்டிருக்கும். ஒருவர் ஆஃப் செய்த சேனலை ஆப்பால் திரும்ப ஆன் செய்ய முடியாது. போனிலேயே அதற்கு வழி கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், என் மானம் போனது அதில்தான்.

சித்தி விளையாட ஆரம்பித்தது என்னால். அம்மாவின் தங்கை. வைட்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, தினமும் ரயில். இப்போதும் சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். தமிழில் விளையாடிப் பார்த்து நிறை குறை சொல்ல எனக்கு ஆட்கள் தேவைப்பட்டபோது சித்தியிடம் கேட்டேன். அடுத்த ஞாயிறே சர்ச்சில் இருபது பெண்களைச் சேர்த்துக் கொடுத்தாள். முதலில் ஒரு பெண்மணி சந்தேகப்பட்டார். "இதை ஏத்தினா போனு சும்மா கத்திக்கினே இருக்குமே" என்றார்.

"அதெல்லாம் இல்ல. எங்க பொண்ணு செய்யறது. தொல்லை பண்ணாது" என்றாள் சித்தி.

அந்த இருபது பேர் எனக்குச் சொன்னவை எந்த ரிப்போர்ட்டிலும் கிடைத்திருக்காது. சாயந்தரம் ஆறு மணிக்கு அனுப்பாதே, ரயிலில் நிற்கவே இடம் இருக்காது என்றார்கள். "வாருங்கள்" என்று எழுதாதே, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார்கள். கடுகு தாளிக்கிற சத்தத்தை அடுப்பு சேனலுக்கு வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ரயிலில் அந்தச் சத்தம் கேட்டாலே ஆறாம் சீட்டில் யார் கடை திறந்தது என்று கேட்டுக்கொள்வார்களாம். எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைப்பதற்கில்லை.

ஜனவரியில் ஆபீஸிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. மாநில விடுமுறை நாட்கள், தமிழ்ப் பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். யுகாதி, ரம்ஜான், பெரிய வெள்ளி, மே தினம் என்று வரிசையாக. எதற்கு என்று கேட்கவில்லை. பிப்ரவரியில் வேறொரு ஷீட் வந்தது. அதில் ஒரே ஒரு வரி. முன்னால் ஒரு காலி இடம், அதற்குப் பிறகு "வாழ்த்துகள்! இன்னிக்குப் பாயசம் இரட்டிப்பு, கடையைத் திறங்க!" வாழ்த்துகளில் க் வருமா வராதா என்று பார்த்தேன். 'கடையை' சரியா என்று பார்த்தேன். டிக் அடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். அந்தக் காலி இடத்தில் என் பட்டியல்தான் வந்து உட்காரப் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்து வீட்டில் பிறந்தவர்கள் தெரியாமல் டிக் அடித்திருந்தால் ஒரு நியாயம் உண்டு. நான் பெரிய வெள்ளிக்கு வெள்ளைப் புடவை கட்டி உபவாசம் இருந்து வளர்ந்தவள்.

சலுகை சேனலைப் பாதிப்பேர் ஆஃப் செய்துவிட்டார்கள் என்பதால் இந்த வாழ்த்தை அடுப்பு சேனலில் அனுப்பும்படி ஹெட் சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. விடுமுறை நாள் என்பதால் அவரவர் நேரமும் கிடையாது, எல்லோருக்கும் பன்னிரண்டரை மணி. ஏற்பாடு முடிவதற்குள் யுகாதியும் ரம்ஜானும் தாண்டிவிட்டதால், முதல் வாழ்த்தே பெரிய வெள்ளிக்குத்தான் போனது.

பெரிய வெள்ளியன்று எங்கள் சர்ச்சில் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். எல்லோரும் வெள்ளை உடுத்தி, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் வார்த்தை நடந்துகொண்டிருந்தது. முதல் சத்தம் என் பையிலிருந்துதான் வந்தது, வேலைக்காக நான் வைத்திருந்த சோதனை போனிலிருந்து. கடுகு வெடித்தது. நான் பையை அமுக்கிப் பிடிப்பதற்குள் முன் பெஞ்சில் ஒன்று, தூணுக்குப் பக்கத்தில் இரண்டு. பிறகு பெண்கள் பக்கம் முழுக்கச் சடசடவென்று. பாட்டுகளைப் போனிலேயே பார்த்துப் பாடுவதால் எல்லோர் கையிலும் போன், சத்தத்தைக் குறைக்கத் தெரியாதவர்கள் பாதிப்பேர். போதகர் பேச்சை நிறுத்தினார். அந்த அமைதியில் பின்னால் யாருக்கோ தாமதமாக ஒன்று வெடித்தது. ஆண்கள் பக்கம் ஒருவர் சிரித்தார்.

பெரிய வெள்ளி வாழ்த்துகள், பாயசம் இரட்டிப்பு. வயிறு ஒட்டிய இருபது பெண்கள் அதை வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி மட்டும் திரும்பவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு மீதி ஐந்து பிரசங்கத்தையும் நான் உட்கார்ந்து கேட்டேன், ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இன்னாமா இது, வேணும்னே பண்ணாங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்கள். இல்லை, என் தப்பு, நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். சித்தி தன் போனை நீட்டினாள். "இது எனக்கு வாணாம்டி. மொத்தமா எடுத்துடு."

அங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. மொத்தமாக ஆஃப் செய்தால் அது பெரிய இழப்பு, ஒரு சேனலை மட்டும் ஆஃப் செய்தால் சின்ன இழப்பு. எங்கள் ஷீட்டில் இரண்டுக்கும் வேறு வேறு கட்டம். இருபது பேரின் மானத்தை வாங்கிவிட்டு, வேப்ப மரத்தடியில் நின்று நான் அந்தக் கட்டத்தைத்தான் நினைத்தேன். "மொத்தமா வேணாம் சித்தி. அப்பறம் கூட்டாளிங்க கேக்கறதுகூட வராது. அந்த ஒண்ணை மட்டும் ஆஃப் பண்ணுங்க போதும்" என்றேன்.

"திரும்ப வராதே?"

"வராது. ஆஃப் பண்ணா பண்ணதுதான். எங்க ஆபீஸே நெனச்சாலும் திருப்பிப் போட முடியாது. போனு அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

நான் சொன்னதில் பொய் இல்லை. அன்றைக்கு அது சத்தியமான வார்த்தை. ஒவ்வொரு போனாக வாங்கி, செய்தியை அழுத்திப் பிடித்து, அடுப்பு என்ற சேனலை நானே ஆஃப் செய்து கொடுத்தேன். சித்தி எல்லோரிடமும், "அவ சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து சாப்பிடாதவள்.

திங்கட்கிழமை ஆபீஸில் ஹெட்டிடம் கத்திவிட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவருக்கு அது இன்னொரு லீவு நாள், அவ்வளவுதான். ஆனால் அவர் வருத்தம் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆப்பைத் திறக்கும்போது எந்தச் சேனல் ஆனில் இருக்கிறது, எது ஆஃப் என்று எங்களுக்குத் தகவல் வரும். அடுத்த இரண்டு வாரத்தில் வந்த தகவல் மோசம். சர்ச்சுக்குப் போகிறவர்கள் மட்டும் இல்லை. லீவு நாளில் மதியத் தூக்கத்தில் கடுகு வெடித்தால் எந்த மதத்துக்காரரும் ஆஃப்தான் செய்வார். எங்களிடம் நன்றாக வேலை செய்த ஒரே சேனல் அதுதான். அதை வைத்துத்தான் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹெட் என்னையும் டெவலப்பரையும் கூப்பிட்டார். "ஆஃப் பண்ண சேனலைத் தொட முடியாது. சரி. புதுசா ஒண்ணு போடலாமே?"

டெவலப்பர் நிமிர்ந்து பார்த்தாள். புது அடையாளத்தோடு ஒரு சேனலை உண்டாக்கினால் போனுக்கு அது வேறு ஆள். பிறக்கும்போதே ஆனில் பிறக்கும். பழையதை அழித்துவிடலாம். ஆப்பை மொத்தமாக ஆஃப் செய்தவரிடம் இது பலிக்காது. ஒரு சேனலை மட்டும் ஆஃப் செய்தவர் எல்லோரிடமும் பலிக்கும். அதாவது யார் எங்களை நம்பி மொத்தமாக மூடாமல் விட்டாரோ அவரிடம் மட்டும்.

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இது கதவைச் சாத்தினவங்க வீட்டுக்குள்ள ஜன்னல் வழியா போறது" என்றாள் அவள், கன்னடத்தில். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டும். "இப்படிச் செஞ்சா அடுத்த மாசம் மொத்தமா ஆஃப் பண்ணுவாங்க, ஆப்பையே எடுத்துடுவாங்க" என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அது வியாபாரப் பேச்சு. நான் என் ஊரில் இருபது பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. ஹெட் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அடுத்த மாசத்தை அடுத்த மாசம் பார்க்கலாம், இந்த மாசம் எண்ணிக்கை ஏறாவிட்டால் தமிழ், கன்னடம் இரண்டையும் மூடிவிட்டு ஹிந்தி மட்டும் வைத்துக்கொள்ள மேலிடத்தில் சொல்கிறார்கள் என்று. தமிழ் என்றால் நான். என் காண்ட்ராக்ட் ஜூனில் முடிகிறது. கேஜிஎஃப்பில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலையை வேறு யார் தருவார்கள் என்று நினைத்தேன். அப்பாவுக்கு மருந்து இருக்கிறது என்று நினைத்தேன். இதையெல்லாம் இப்போது காரணமாக எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு இவைதான் காரணங்கள்.

டெவலப்பர் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வேறொருவர் அரை நாளில் செய்து முடித்தார். புதுச் சேனலுக்கு ஒரு பெயர் வேண்டும், செட்டிங்கில் பார்த்தால் பழையது மாதிரித் தெரியக் கூடாது. 'சமையலறை' என்று வைத்தேன். வரியையும் நான்தான் எழுதினேன். "அடுப்பு அஞ்சும் எரியுது, பால் பொங்கறதுக்குள்ள வாங்க." நல்ல வரி. அந்த வருஷம் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான், என்ன செய்ய. சத்தம் மட்டும் வேண்டாம் என்று சண்டை போட்டு ஜெயித்தேன், அதை ஒரு பெரிய வெற்றி மாதிரி அன்றைக்கு வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் திரும்பி வந்தவர்கள் எண்ணிக்கை ஏறியது. ஹெட் எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார். என் காண்ட்ராக்ட்டை ஒரு வருஷம் நீட்டினார்கள். மொத்தமாக ஆஃப் செய்தவர்கள், ஆப்பையே எடுத்தவர்கள் கணக்கு மூன்றாவது வாரத்தில்தான் தெரிய ஆரம்பித்தது. நான் சொன்ன மாதிரியே ஆனது. யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்ணிக்கை ஏறிய அந்த வாரமே, சனிக்கிழமை மத்தியானம், சித்தி வீட்டுக்கு வந்தாள். கையில் போன். என் முன்னால் உட்கார்ந்து, ரொம்பத் தயங்கி நீட்டினாள்.

"இத்தைக் கொஞ்சம் பாருடி. நீ அன்னைக்கு ஆஃப் பண்ணிக் குடுத்தே. திரும்ப வருது. நாந்தான் எத்தையோ தப்பா அமுக்கிட்டேன்."

நான் போனை வாங்கிக்கொண்டேன். திரையில் என் நல்ல வரி இருந்தது.

"மத்தவங்களுக்கும் வருதாம்" என்றாள் சித்தி. "அவங்க உன்மேலதான் சொல்றாங்க. நீ ஏமாத்திட்டேன்னு. நான் சண்டை போட்டுட்டு வந்தேன். அவ வராதுன்னு சொன்னா வராது, நம்ம கை சும்மா இருக்கறதில்ல, நம்மதான் அங்க இங்க அமுக்கி இருப்போம்னு சொன்னேன். இன்னா, அப்படித்தானே?"

சொல்வதற்கு நிறைய நேரம் இருந்தது. சித்தி அவசரப்படுத்தவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சித்தி. கை பட்டிருக்கும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நான் செட்டிங்கைத் திறந்து இந்தத் தடவை மொத்தமாக ஆஃப் செய்தேன். அந்த வாரக் கணக்கு முந்தின நாளே எடுத்தாகிவிட்டது, இது அதில் வராது.

"அன்னைக்கு ஒண்ணை மட்டும் பண்ணே. இப்போ எல்லாத்தையும் பண்றியே" என்றாள், எட்டிப் பார்த்து.

"நீ திரும்பத் தப்பா அமுக்கிடக் கூடாதுன்னுதான்."

"அதுவும் சரி. என் கை அப்படி." போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். "அவங்ககிட்டயும் சொல்லிடறேன். எல்லாரும் பாத்து அமுக்கணும்னு."

சொன்னபடி செய்கிறவள் அவள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அத்தனை பேரையும் வேப்ப மரத்தடியில் நிறுத்தி, தப்பு நம்முடையது என்று விளக்கினாள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. முதல் நாளே போன் கத்துமே என்று சந்தேகப்பட்ட அந்தப் பெண்மணி நேராக என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தப்பாக நினைத்துவிட்டதற்கு மன்னிப்பு கேட்டார்.